ஆபரேஷன் முடிந்து ஓய்வில் இருப்பவருக்கு ஆபீஸிலிருந்து ஒரு மெசேஜ்

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒருவருக்கு வரும் சங்கடங்களில் இதுவும் ஒன்று. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் திடீரென்று லீவில் போகிறார். ஆபரேஷனாம் என்று பேச்சு வருகிறது. ஏதாவது விசாரித்து எழுதவேண்டும் என்று மனசு சொல்கிறது. ஆனால் எவ்வளவு உரிமை எடுத்துக்கொள்ளலாம் என்று தெரியவில்லை. எழுதாமல் விட்டால் கண்டுகொள்ளாதவன் ஆகிவிடுவோம், அதிகம் எழுதினால் அதிகப்பிரசங்கி ஆகிவிடுவோம். கடைசியில் ரோஜாப்பூவும் கைகூப்பும் போட்ட ஒரு ஃபார்வர்டு படத்தை அனுப்பிவிட்டு, ஒரு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம்.

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு நூல் வியாபார ஆபீஸில் நான் நிர்வாக வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் இந்த மாதிரி விஷயத்தையும் என்னிடம்தான் கேட்பார்கள். போன வருடம் கார்த்தி என்ற பையன் கேட்டதை வைத்தே இதைச் சொல்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

லீவில் போனவர் சாந்தி மேடம். கணக்குப் பிரிவு, நாற்பத்தைந்து வயதுக்கு மேல். வீடு ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில். தினமும் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வேலைக்கு வந்து போகிறவர். லீவு கடிதத்தில் 'அறுவை சிகிச்சைக்காக' என்று ஒரே வார்த்தைதான் எழுதியிருந்தார். என்ன ஆபரேஷன் என்று எழுதவில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை. மெசேஜ் எழுத அது தேவையே இல்லை.

முதலில்: அவர் உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறார்?

எழுத உட்காரும் முன் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள். அவர் வாயால் உங்களிடம் சொன்னது ஒன்று. ஆபீஸில் சுற்றி வந்து உங்கள் காதில் விழுந்தது இன்னொன்று. மெசேஜில் முதலாவது மட்டும்தான் வரலாம்.

கார்த்திக்கு சாந்தி மேடம் நேரடியாகச் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு மாசம் லீவு தம்பி, சின்னதா ஒரு ஆபரேஷன். என் டேபிள்ல இருக்கற பில்லை எல்லாம் ராஜா கிட்ட குடுத்துரு." மற்றதெல்லாம் கேன்டீன் பேச்சு. அதில் மூன்று விதமான நோய் அடிபட்டது. மூன்றில் எது சரி என்று தெரிந்தால்கூட எழுதக்கூடாது. அவர் சொல்லாத ஒன்று உங்கள் மெசேஜில் இருந்தால், 'இது இவனுக்கு எப்படித் தெரியும், இன்னும் யார் யாருக்குத் தெரியும்' என்ற கேள்விதான் படுத்திருப்பவருக்கு முதலில் வரும். நலம் விசாரிப்பு அதோடு கெட்டது. அதுவும் பெண்களுக்கான ஆபரேஷன், மூலம், சிறுநீர்ப் பாதை, மார்பகம் என்று நம் ஊரில் வாய்விட்டுச் சொல்லாத பட்டியல் ஒன்று இருக்கிறதே, அதில் ஏதாவது என்றால் திரும்ப ஆபீஸுக்கு வரவே கூசும்.

'சின்ன ஆபரேஷன்' என்று அவரே சொன்னாலும் நீங்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டாம். அவர் நம் கவலையைக் குறைக்கச் சொல்வது அது. நாம் சொன்னால், 'இதுக்குப் போய் ஒரு மாசம் லீவா' என்ற தொனி வந்துவிடும். கீஹோல், லேப்ராஸ்கோப்பி என்றாலே மறுநாள் எழுந்து ஓடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வயிற்றில் நாலு சின்னத் துளைதான் இருக்கும். ஆனால் உள்ளே செலுத்திய கார்பன் டை ஆக்சைடு வாயுவால் ஓரிரு நாள் தோள்பட்டையில் குத்துவலி வரலாம். கத்தி படாத இடத்தில் வலிக்கிறதே என்று நோயாளியே பயந்துபோவது உண்டு. வெளியிலிருந்து பார்த்து அளவு சொல்வதில் அர்த்தமில்லை.

எப்போது அனுப்புவது

ஆபரேஷன் நாளன்று வேண்டாம். காலையில் வெறும் வயிற்றோடு தியேட்டருக்குக் காத்திருக்கும்போது முப்பது 'ஆல் தி பெஸ்ட்' வந்து விழுந்தால் படபடப்புதான் கூடும். முடிந்த அன்றும் வேண்டாம். முழு மயக்க மருந்து கொடுத்தவர்களிடம், அடுத்த 24 மணி நேரத்துக்கு முக்கியமான முடிவு எடுக்காதீர்கள், கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்லி அனுப்புவது வழக்கம். தலை அவ்வளவு தெளிவாக இருக்காது என்பதுதான் காரணம். அந்த நேரத்தில் உங்கள் மெசேஜைப் படித்து, படித்ததையே மறந்துவிட்டு, நாலு நாள் கழித்து 'பதில் போடலையே' என்று சங்கடப்படுவார்.

மூன்றாம் நாள் வாக்கில் அனுப்புவது நல்லது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இல்லை சாயங்காலம் ஐந்து மணி போல. காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ், டிரஸ்ஸிங், ஊசி என்று வார்டு பரபரப்பாக இருக்கும். இரவு ஒன்பதுக்கு மேல் போன் சத்தம் பக்கத்துப் படுக்கைக்காரரையும் எழுப்பும்.

இன்னொன்றை மறக்கவேண்டாம். ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை அவருடைய போன் அவர் கையில் இருக்காது. கணவரிடமோ மகளிடமோ தங்கையிடமோ இருக்கும். மெசேஜ் வந்ததும் திரையின் மேலேயே முதல் இரண்டு வரி தெரியும். அதனால் அட்டெண்டராக இருப்பவர் படித்தாலும் பரவாயில்லை என்று சொல்லும்படியே எழுதுங்கள். ஆபீஸ் வம்பு, மேனேஜரைப் பற்றிய புலம்பல், சம்பளம், இதெல்லாம் இப்போது கூடாது. வாய்ஸ் மெசேஜும் வேண்டாம். எழுத்தை ஒரு பார்வையில் படித்துவிடலாம். வாய்ஸை வார்டில் ஸ்பீக்கரில்தான் போடுவார்கள். வீடியோ கால் பற்றிச் சொல்லவே வேண்டாம், நைட்டியும் கலைந்த தலையுமாக இருப்பவரை எதற்குத் திரையில் நிறுத்தவேண்டும்?

கார்த்தி எழுதிய முதல் மெசேஜ்

அனுப்பும் முன் என்னிடம் காட்டினான். அது இப்படி இருந்தது:

"அன்புள்ள மேடம், உங்களுக்கு ஆபரேஷன்னு கேள்விப்பட்டு ரொம்ப அதிர்ச்சியாயிட்டேன். என்ன ஆச்சு மேடம்? எந்த ஆஸ்பத்திரி? கவலையே படாதீங்க, எங்க பெரியம்மாவுக்கும் போன வருஷம் ஆபரேஷன் பண்ணாங்க, பத்தே நாள்ல வயலுக்குப் போயிட்டாங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு, இனிமே ஒண்ணுமில்ல. நீங்க இல்லாம ஆபீஸே ஓடல மேடம், ஜிஎஸ்டி வேலை எல்லாம் அப்படியே நிக்குது. சீக்கிரம் வந்துடுங்க. ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க. எப்ப ஜாயின் பண்றீங்க?"

இதில் கெட்ட எண்ணம் ஒரு துளிகூட இல்லை. நம்மில் பலரும் இப்படித்தான் எழுதுவோம். ஆனால் படுக்கையிலிருந்து படித்துப் பாருங்கள்.

'அதிர்ச்சியாயிட்டேன்' என்றதும், அவர் உங்களைத் தேற்றவேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறார். கேள்விகள் மூன்று. 'என்ன ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி, எப்ப ஜாயின்.' கேள்வி கேட்டால் பதில் சொல்லியாகவேண்டும். ஒரு கையில் டிரிப்ஸ் ஊசி இருக்கும்போது மறு கையால் டைப் அடிக்கவேண்டும். முதல் மெசேஜில் கேள்விக்குறியே இருக்கக்கூடாது என்று நான் புதியவர்களிடம் சொல்வேன். கடைசியில் ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்து, கேள்விக்குறி கண்ணில் பட்டால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

பெரியம்மா கதை ஆறுதலுக்காகச் சேர்த்தது. ஆனால் ஒரு ஆபரேஷன் போல இன்னொன்று இல்லை. லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்தவர் பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பி, ஓரிரு வாரத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு வந்துவிடுவார். அதே பித்தப்பையை வயிற்றைத் திறந்து எடுத்திருந்தால் ஆறு வாரம்கூட ஆகலாம். மூட்டு மாற்று என்றால் இன்னும் நீளும். சர்க்கரை இருந்தால் புண் ஆறுவது தள்ளிப்போகும். 'பத்தே நாளில் வயலுக்குப் போனார்' என்று படித்தவர், பன்னிரண்டாம் நாளும் நிமிர்ந்து நிற்க முடியவில்லை என்றால் தனக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைப்பார். சரியாகாமல் போன கதை இருக்கிறதே, அதை ஆஸ்பத்திரிக்கே போய்ச் சொல்கிறவர்களும் நம் ஊரில் உண்டு. அவர்களுக்கு எந்த வழிகாட்டியும் உதவாது.

அடுத்த வரிதான் எனக்கு ரொம்பவும் உறுத்தியது. 'எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு, இனிமே ஒண்ணுமில்ல.' அது கார்த்திக்கு எப்படித் தெரியும்? ஆபரேஷனில் கட்டியையோ ஒரு உறுப்பையோ எடுத்தால், பெரும்பாலும் அந்தச் சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பயாப்ஸி ரிப்போர்ட் வர சில நாளிலிருந்து ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். தையல் பிரித்து, வீட்டுக்கும் வந்து, பார்ப்பதற்கு எல்லாம் முடிந்தது போல இருக்கும் அந்த நாட்கள்தான் குடும்பத்துக்கு உள்ளுக்குள் பயமாக இருக்கும். அந்த நேரத்தில் 'இனிமே ஒண்ணுமில்ல' என்று வந்தால், எதிரில் இருப்பவர் ஒன்றும் சொல்லமுடியாமல் கைகூப்பு ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார். ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறார்களா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாததால், முடிவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் ஓய்வைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

'நீங்க இல்லாம ஆபீஸே ஓடல' என்பது பாராட்டு போலத்தான் இருக்கிறது. சாந்தி மேடம் மாதிரி பொறுப்பானவர்களுக்கு அது பாராட்டாகப் போய்ச் சேராது. ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி தாக்கல் முடிக்கவேண்டும், தாண்டினால் தாமதக் கட்டணம் என்பது அவருக்கு மனப்பாடம். 'அப்படியே நிக்குது' என்று படித்தால் அன்றிரவு தூங்கமாட்டார். மறுநாள் காலை ராஜாவுக்குப் போன் போடுவார். போட்டும் இருப்பார், அவரை எனக்குத் தெரியும்.

'ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க' என்பதில் தப்பில்லை, பயனும் இல்லை. அதைக் கேட்டு யாரும் உதவி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

மாற்றி எழுதியது

கார்த்தியும் நானும் உட்கார்ந்து மாற்றியபின் அது இப்படி ஆனது:

"வணக்கம் மேடம், கார்த்தி. நல்லா ஓய்வெடுத்து, உடம்பு தேறி வாங்க. நீங்க சொன்ன மாதிரி பில் எல்லாத்தையும் ராஜா அண்ணன்கிட்ட குடுத்துட்டேன், அவர் சரிபார்த்து வாங்கிட்டார். இந்த மாச ஜிஎஸ்டியும் கட்டியாச்சு. ஆபீஸ் பத்தி நினைக்கவே வேண்டாம். இதுக்குப் பதில் எழுதணும்னு இல்லைங்க மேடம்."

இவ்வளவுதான். எவ்வளவு குறுகிவிட்டது பாருங்கள். இதில் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

விளிப்பில் ஆபீஸில் எப்படிக் கூப்பிடுகிறீர்களோ அப்படியே எழுதுங்கள். மேடம் என்றால் மேடம், அக்கா என்றால் அக்கா. உடம்பு சரியில்லை என்றதும் பாசம் பொங்கி 'அம்மா' என்று ஆரம்பிக்கவேண்டாம். நாற்பத்தெட்டு வயதுக்காரருக்கு ஆபரேஷன் வலியோடு அதுவும் சேர்ந்துகொள்ளும். உங்கள் பெயரையும் போட்டுவிடுங்கள். புதியவர்களின் எண்ணைப் பலர் சேமித்திருக்கமாட்டார்கள், யாரென்று கேட்கவைக்கக்கூடாது.

வாழ்த்தில் 'சீக்கிரம்' என்ற சொல்லை எடுத்துவிட்டோம். 'சீக்கிரம் குணமாகுங்க' என்பது வழக்கமான பேச்சுதான், குற்றம் சொல்லமுடியாது. இருந்தாலும் ஆபீஸிலிருந்து வரும்போது அதில் அவசரம் கேட்கும். 'நல்லா ஓய்வெடுத்து' என்று போட்டால் அந்தப் பிரச்சினையே இல்லை.

வேலை பற்றிய வரிகள்தான் இதில் நிஜமான ஆறுதல். உடன் வேலை செய்கிறவர் மட்டும் தரமுடிந்த ஆறுதல் அது, உறவினர்கள் யாரும் தரமுடியாது. ஆனால் முடிந்துபோன விஷயமாக இருக்கவேண்டும், உண்மையாகவும் இருக்கவேண்டும். 'பார்த்துக்கிட்டு இருக்கோம்' என்றால் கவலை பாக்கி இருக்கும். 'கட்டியாச்சு' என்றால் முடிந்தது. அதற்காகவே கார்த்தியை மெசேஜை ஒரு நாள் நிறுத்திவைக்கச் சொன்னேன். தாக்கல் முடிந்த பிறகுதான் அனுப்பினான். உண்மையிலேயே முடியாமல் இருந்திருந்தால் அந்த வரியை விட்டுவிடுவதுதான் சரி. பொய் சொன்னால் ராஜா மூலமாகத் தெரிந்துவிடும்.

கடைசி வரி ரொம்ப முக்கியம். 'பதில் எழுதணும்னு இல்லை' என்று சொன்னபிறகுதான் வந்த மெசேஜ் பாரமில்லாமல் இருக்கும். சொன்னால் மட்டும் போதாது, அப்படி நடந்துகொள்ளவும் வேண்டும். நீல டிக் வந்தும் பதில் இல்லை, ஆன்லைனில் தெரிந்தார், ஸ்டேட்டஸ் மாற்றினார் என்று கணக்கு வைக்காதீர்கள்.

சாந்தி மேடம் விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனபிறகு அனுப்பிய மெசேஜ்களுக்கெல்லாம் ஒற்றை டிக்தான். மலையில் சில மடிப்புகளில் டவரே கிடைக்காது, எஸ்டேட் பக்கம் இன்னும் மோசம். கார்த்தி பயந்துபோய்த் திரும்ப அனுப்பட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். சிக்னல் வந்ததும் ஒரே மெசேஜ் நாலு தடவை போய் விழும். 'மெசேஜ் பார்த்தீங்களா' என்று இன்னொன்று அனுப்புவது அதைவிடக் கெடுதல்.

கடவுள் பெயரைச் சேர்ப்பது உங்கள் பழக்கத்தைப் பொறுத்தது. இருவரும் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குச் சேர்ந்தே போகிறவர்கள் என்றால், 'அம்மன்கிட்ட வேண்டிக்கிட்டேன்' என்பது தனி பலம். அவர் நம்பிக்கை என்னவென்று தெரியாதபோது வெறுமனே 'உங்களை நினைச்சுக்கறோம்' என்றால் போதும். 'ஆண்டவன் நல்லவங்களைத்தான் சோதிப்பான்' மட்டும் யாருக்கும் வேண்டாம்.

பதில் வந்தால்

பெரும்பாலும் 'நன்றி தம்பி' என்று வரும். ஒரு கைகூப்பு போட்டு அங்கேயே நிறுத்துங்கள். பதில் வந்துவிட்டதே, பேசத் தயாராக இருக்கிறார் போல என்று அடுத்த மெசேஜை ஆரம்பிக்காதீர்கள்.

சில சமயம் மனசு விட்டு எழுதிவிடுவார்கள். கார்த்திக்கு இரண்டு நாள் கழித்து வந்த பதில்: "நன்றி தம்பி. வலி பரவால்ல. ஒரு ரிப்போர்ட் வரணும், அதுக்குத்தான் வெயிட் பண்றோம்." கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை பையனுக்கு. 'ஒண்ணும் இருக்காது மேடம்' என்று எழுதப்போனான். நான் இப்படி எழுதச் சொன்னேன்:

"சொன்னதுக்கு நன்றிங்க மேடம். காத்திருக்கறது கஷ்டம்தான். இதை நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

கார்த்திக்கு இது மொட்டையாகத் தெரிந்தது. ஆனால் கூட்டவேண்டியது எதுவும் இல்லை. எந்த டாக்டர், என்ன ரிப்போர்ட், எப்போது வரும் என்று கேட்டால் விசாரணை. நல்லதாகவே வரும் என்றால் தெரியாத வாக்குறுதி. என்னிடம் காட்டியதுகூட அவன் அந்த மெசேஜ் எழுதும் முன்பு என்பதால்தான். அதற்குப் பிறகு அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ரிப்போர்ட் வரும் நாள் தெரிந்தாலும் அன்றைக்கு 'என்ன ஆச்சு' என்று எழுதக்கூடாது. சொல்லவேண்டும் என்று இருந்தால் அவரே சொல்வார்.

குரூப், வேலைக் கேள்வி, நேரில் போவது

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜர் ஒரு வாழ்த்துப் போட்டால், அதன் கீழே நாற்பது பேர் கைகூப்பு போடுவார்கள். அதோடு சேர்ந்து நீங்களும் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அதை உங்கள் மெசேஜாக எண்ணாதீர்கள். குரூப்பில் 'இப்ப எப்படி இருக்கீங்க' என்று கேட்பதைத் தவிருங்கள். அத்தனை பேர் முன்னால் உடம்பைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கும்.

வேலைக் கேள்வி உண்மையிலேயே அவசரமானால், டேலி பாஸ்வேர்டு, பீரோ சாவி மாதிரி, அவரைத் தவிர யாருக்கும் தெரியாத ஒன்றாக இருந்தால், ஆபீஸில் ஒரே ஒருவர் கேட்கட்டும். முதலில் வீட்டில் இருப்பவரிடம், எப்போது கேட்கலாம் என்று கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையில். நலம் விசாரிக்கும் மெசேஜின் வாலில் அதைக் கட்டி அனுப்பவே கூடாது. 'உடம்பைப் பார்த்துக்கோங்க மேடம், அப்புறம் அந்த பாஸ்வேர்டு...' என்று வந்தால், மேலே எழுதிய எல்லாம் அந்தப் பாஸ்வேர்டுக்காகத்தான் என்று ஆகிவிடும். இஎஸ்ஐ விடுப்புப் பணம், மெடிக்கல் சர்டிபிகேட் போன்ற காகித வேலையும் இப்படித்தான். அதை நிர்வாகத்தில் இருப்பவர் தனியாகக் கேட்டுக்கொள்வார்.

பார்க்கப் போவது ஏற்காட்டில் இருப்பவரை என்றால் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. இங்கே ஆபீஸில் ஒருவர் 'மேடத்தைப் போய்ப் பார்த்துட்டு வரலாமா' என்று ஆரம்பிப்பார். இன்னொருவர் 'ஞாயித்துக்கிழமை வேன் பேசிடலாம்' என்பார். மூன்றாமவர் 'அப்படியே படகுத்துறை, லேடிஸ் சீட் எல்லாம் பார்த்துட்டு வந்துடலாம், பிள்ளைங்களையும் கூட்டிக்கலாம்' என்று முடிப்பார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, பாதிப் பேர் வாந்தி எடுத்து, பன்னிரண்டு பேராக ஒரு சின்ன வீட்டில் போய் இறங்கினால், தையல் பிரிக்காத உடம்போடு அவர் எழுந்து உட்காரவேண்டும், வீட்டில் இருக்கும் ஒரே ஆள் பன்னிரண்டு டம்ளர் காபி போடவேண்டும். ஏற்காட்டுக்காரர் வீட்டுக்கு வந்தவர்களைக் காபி கொடுக்காமல் அனுப்பமாட்டார்.

அதனால் போகவேண்டும் என்றால் கேட்டுவிட்டுப் போங்கள், அதையும் மறுப்பதற்கு வசதியாகக் கேளுங்கள். "மேடம், வர்ற வாரம் நானும் ராஜா அண்ணனும் வந்து அஞ்சு நிமிஷம் பார்த்துட்டுப் போகலாம்னு இருக்கோம். இப்ப வேண்டாம்னா நீங்க ஆபீஸ் வந்தப்புறம் பார்த்துக்கறோம், ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க." இதற்குப் பதிலே வரவில்லை என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், சளி இருமல் இருந்தால் போகவே வேண்டாம், தட்டுவடை முறுக்கு என்று எண்ணெய்ப் பலகாரம் வாங்கிப்போக வேண்டாம். பழம்கூட அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று தெரிந்தால்தான்.

ஒரு வாரம் கழித்து

முதல் வாரம் எல்லோரும் விசாரிப்பார்கள். இரண்டாம் வாரம் போன் அடங்கிவிடும். வலி குறைந்து, வேலையும் இல்லாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கும் நேரம் அது. இரண்டாவது மெசேஜை அப்போது அனுப்புங்கள். இதில் உடம்பைப் பற்றிய பேச்சே இல்லாவிட்டாலும் நல்லதுதான். கார்த்தி அனுப்பியது: "மேடம், உங்க டேபிள் பக்கத்து ஜன்னல்ல புறா கூடு கட்டிருச்சு. ராஜா அண்ணன் விரட்டக் கூடாதுன்னுட்டார், அது இப்ப இன்வாய்ஸ் பைல் மேலேயே உக்காந்துக்குது." அதற்குச் சிரிப்பு ஸ்மைலியோடு உடனே பதில் வந்தது. வயிற்றில் தையல் இருக்கும் முதல் வாரத்தில் இந்த மாதிரி சிரிக்கவைப்பது வேண்டாம், சிரித்தாலும் இருமினாலும் தும்மினாலும் பிடித்து இழுக்கும்.

உதவி சொல்வதும் இந்தக் கட்டத்தில்தான் பயன்படும். பொதுவாகச் சொல்லாமல், உங்களால் முடிந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள். "வியாழக்கிழமை நான் ஏற்காடு வர்றேன். டவுன்ல ஏதாவது மருந்து வாங்கணும்னா சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்க, கேட்ல குடுத்துட்டுப் போயிடறேன்." 'கேட்டில் கொடுத்துவிட்டு' என்பதைக் கவனியுங்கள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. நீங்கள் உண்மையிலேயே வியாழக்கிழமை போவதாக இருந்தால் மட்டும் இதை எழுதுங்கள். அவருக்காகவே மலை ஏறுகிறீர்கள் என்று தெரிந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வார்.

எப்போது வேலைக்கு வருகிறீர்கள் என்பதை நீங்கள் கேட்கவே வேண்டியதில்லை. தேதி முடிவானால் நிர்வாகத்துக்குத் தெரியும், எனக்கு வந்துவிடும். வருவதற்கு முந்தின நாள் ஒரு மெசேஜ் அனுப்பலாம். வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள் சில வாரம் கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர்கள் சொல்வார்கள். அது அவருக்கும் பொருந்துமா என்று கேட்காமலே செய்துவைக்கமுடிந்தது ஒன்று இருந்தது. எங்கள் ரெக்கார்டு ரூம் மாடியில் இருக்கிறது. அவர் நாளும் இரண்டு தடவை ஏறி இறங்கி, பழைய பைல் கட்டைத் தூக்கி வருகிறவர். கார்த்தி எழுதினான்: "மேடம், இந்த வருஷ பைல் எல்லாத்தையும் கீழே உங்க பக்கத்து ஷெல்ஃப்ல அடுக்கிட்டேன். மேல இருந்து ஏதாவது வேணும்னா என்னைக் கூப்பிடுங்க, நான் எப்படியும் பத்து தடவை மேல போறவன்தான்." காரணம் எதுவும் எழுதவில்லை. மறுநாள் காலை அவர் வந்து ஷெல்ஃபைப் பார்த்துவிட்டு, பைல்களை மாத வரிசையில் அடுக்காமல் பெயர் வரிசையில் அடுக்கியிருக்கிறான் என்று அவனைக் கூப்பிட்டுத் திட்டினார்.